பத்து லட்சத்துக்கு என்ன ஆபத்து? இயல்நிலைப் பரவலை வைத்து ‘வார்’ கணக்குப் போடும் விதம்

முதலில் கேள்வியைப் பார்த்துவிடுவோம். நிதித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் ஏதாவது ஒரு வடிவத்தில் இதைச் சந்தித்தே தீருவார்கள்.

ஒருவரிடம் பத்து லட்ச ரூபாய் போர்ட்ஃபோலியோ இருக்கிறது. அதில் 6 லட்சம் பங்குக் குறியீட்டு ஃபண்டில், 4 லட்சம் தங்க ஃபண்டில். பங்கு ஃபண்டின் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 16 சதவீதம். தங்கத்தின் ஏற்ற இறக்கம் நாளுக்கு 0.8 சதவீதம். இரண்டுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு 0.2. லாப நஷ்டம் இயல்நிலைப் பரவலில் அமைகிறது என்று வைத்துக்கொண்டு, 99 சதவீத நம்பிக்கை மட்டத்தில் பத்து வர்த்தக நாட்களுக்கான வேல்யூ அட் ரிஸ்க் எவ்வளவு?

வேல்யூ அட் ரிஸ்க் என்பதைச் சந்தைக்காரர்கள் சுருக்கி ‘வார்’ என்பார்கள். பங்குத் தரகர் உங்கள் கணக்கில் ‘வார் மார்ஜின்’ என்று பிடித்து வைக்கிறாரே, அதே வார்தான்.

இந்தக் கேள்வியில் நாம் உண்மையில் கண்டுபிடிக்க வேண்டியது ஒரே ஒரு எண்: போர்ட்ஃபோலியோவின் லாப நஷ்டத்துக்கான திட்ட விலக்கம், ரூபாயில், கேட்ட கால அளவுக்கு. கேள்வியில் ‘ஏற்ற இறக்கம்’ என்று கொடுத்திருப்பதும் திட்ட விலக்கத்தைத்தான். அந்த எண் கையில் வந்துவிட்டால் மிச்சம் ஒரு பெருக்கல்தான். தப்பு நடப்பதெல்லாம் அந்த எண்ணை எட்டும் வழியில்.

வார் என்ன சொல்கிறது

ஒருநாள் 99 சதவீத வார் ₹17,000 என்றால், நூறு வர்த்தக நாட்களில் சுமார் 99 நாட்களில் நஷ்டம் 17,000-ஐத் தாண்டாது. மீதி ஒரு நாளில் தாண்டும். எவ்வளவு தாண்டும் என்பதைப் பற்றி இந்த எண்ணுக்கு ஒரு கருத்தும் கிடையாது.

‘அதிகபட்ச நஷ்டம் ₹17,000’ என்று விடைத்தாளில் எழுதினால் அது தவறு. ‘இந்த அளவுக்குள் நிற்கும், நூற்றில் ஒரு நாள் நிற்காது’ என்பதுதான் சரியான வாசகம். அலுவலக அறிக்கைகளில்கூட ‘அதிகபட்சம்’ என்ற சொல் அடிக்கடி நுழைந்துவிடுகிறது. மேலதிகாரிக்கு அப்படிச் சொன்னால் அந்த நூறாவது நாளில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

முதல் வேலை: எல்லாவற்றையும் ஒரே நாளுக்குக் கொண்டுவருவது

கேள்வியை மறுபடி படியுங்கள். பங்குக்கு ஆண்டுக் கணக்கு, தங்கத்துக்கு நாள் கணக்கு. இது வேண்டுமென்றே வைக்கும் கண்ணி. 16-ஐயும் 0.8-ஐயும் அப்படியே ஒரே சூத்திரத்தில் போட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

நானும் போட்டிருக்கிறேன், அதுவும் வேலையில் சேர்ந்த புதிதில். ஒரு பங்குக்கு மட்டும் ஆண்டு விலக்கத்தை நாள் விலக்கத்துக்கான கட்டத்தில் ஒட்டிவிட்டேன். போர்ட்ஃபோலியோவின் ஒருநாள் வார் அதன் மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு என்று வந்தது. பக்கத்து மேசைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, “நாளைக்குச் சந்தையே மூடப்போகிறதா?” என்று கேட்டார். விடையை மொத்த முதலீட்டால் வகுத்து, இது நடக்கக்கூடிய சதவீதமா என்று பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்ததுதான்.

ஆண்டுக்கு 252 வர்த்தக நாட்கள் என்று கொள்வது வழக்கம். நாட்களின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால் பரவற்படிகளைக் கூட்டலாம். திட்ட விலக்கங்களைக் கூட்டக் கூடாது. ஆகவே ஆண்டின் பரவற்படி நாளின் பரவற்படியைப்போல 252 மடங்கு. திட்ட விலக்கம் அதன் வர்க்கமூலம் என்பதால் √252, அதாவது 15.87 மடங்கு.

16 ÷ 15.87 = 1.008 சதவீதம். ஆண்டுக்கு 16 என்றால் நாளுக்குச் சுமார் 1 என்று மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மனக்கணக்காகவே சரிபார்க்க உதவும். 252-ஆல் நேரடியாக வகுத்தால் 0.063 சதவீதம் என்று வரும். ஒரு பங்குக் குறியீடு நாளுக்கு அவ்வளவு சாதுவாக இருக்காது என்று பார்த்தவுடனே தெரியவேண்டும்.

இரண்டாவது: சதவீதத்தை ரூபாயாக்குவது

எடைகளை வைத்துச் சதவீதத்திலேயே போகலாம், பாடப்புத்தகங்கள் அப்படித்தான் போகும். புதிதாகக் கற்பவர்களுக்கு ரூபாயில் போவதையே நான் சொல்வேன். ஒவ்வொரு படியிலும் கையில் இருப்பது பணம். எண் பொருந்துகிறதா என்று சட்டென்று தெரியும்.

பங்கு: 6,00,000 × 1.008% = ₹6,048
தங்கம்: 4,00,000 × 0.8% = ₹3,200

ஒரு சாதாரண நாளில் பங்குப் பகுதி ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய் மேலும் கீழும் ஆடும், தங்கப் பகுதி மூவாயிரத்துச் சொச்சம் ஆடும் என்பது இதன் பொருள்.

மூன்றாவது: இரண்டையும் சேர்ப்பது

இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் விழுவதில்லை. எந்த அளவுக்குச் சேர்ந்து ஆடுகின்றன என்பதைத்தான் ஒட்டுறவுக் கெழு சொல்கிறது. பள்ளியில் படித்த (a + b)² சூத்திரத்தை நினைவில் கொண்டுவாருங்கள். அதில் நடுவில் வரும் 2ab என்ற உறுப்பை ஒட்டுறவுக் கெழுவால் பெருக்கிவிட்டால் நமக்கு வேண்டிய சூத்திரம்.

```
6048²               = 3,65,78,304
3200²               = 1,02,40,000
2 × 0.2 × 6048 × 3200 =   77,41,440
மொத்தம்             = 5,45,59,744
வர்க்கமூலம்          = 7,386
```

போர்ட்ஃபோலியோவின் ஒருநாள் திட்ட விலக்கம் ₹7,386.

இங்கே ஒரு சோதனை உண்டு. கெழு 1 என்றால் இரண்டையும் நேரடியாகக் கூட்டலாம்: 9,248. கெழு 0 என்றால் நடு உறுப்பு போய்விடும்: 6,842. நம் கெழு 0.2, ஆகவே விடை இந்த இரண்டுக்கும் நடுவில், 6,842-க்கு அருகில் இருக்கவேண்டும். இருக்கிறது. நடு உறுப்பில் 2-ஐ மறப்பது, கெழுவையும் வர்க்கப்படுத்திவிடுவது ஆகியவைதான் இந்தப் படியில் அதிகம் நடக்கும் பிழைகள். ஆனால் அந்தப் பிழைகளில் வரும் விடையும் இதே எல்லைக்குள்தான் விழும். சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே நடு உறுப்பை மட்டும் இன்னொரு தடவை தனியாகப் போட்டுப் பாருங்கள்.

கேள்வியில் தங்கத்தை வாங்காமல் ஷார்ட் செய்திருக்கிறார் என்று வந்தால்? தொகை −4,00,000 ஆகிவிடும். வர்க்கங்கள் மாறாது, நடு உறுப்பு மட்டும் கழித்தலாகும். மொத்தம் 3,90,76,864, வர்க்கமூலம் 6,251. நேர் ஒட்டுறவு உள்ள ஒரு பொருளை விற்றுவைத்தால் மற்றதன் ஆட்டத்தைக் கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும் என்பதால்தான் இந்தக் குறைவு. ‘ஷார்ட்’ என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் முழு விடையும் போய்விடும்.

நான்காவது: z மதிப்பு

நமக்குக் கவலை ஒரு பக்க வாலைப் பற்றி மட்டும்தான். லாபம் அளவுக்கு மீறி வந்தால் யாரும் புகார் செய்யப் போவதில்லை. ஆகவே இடது வாலில் 1 சதவீதம் மட்டும் மிஞ்சும் இடத்தை எடுக்க வேண்டும். 99 சதவீதத்துக்கு 2.326, 95 சதவீதத்துக்கு 1.645.

புள்ளியியலில் நம்பிக்கை இடைவெளி படித்துவிட்டு வருபவர்களின் கை 95 என்றதும் 1.96 என்றே எழுதும். 1.96 இரண்டு வாலிலும் 2.5 சதவீதம் விடுவது. வாரில் அதைப் போட்டால் நீங்கள் சொல்வது 97.5 சதவீத வார்.

அட்டவணையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பள்ளிப் புத்தக அட்டவணை பூச்சியத்திலிருந்து z வரையிலான பரப்பைத் தரும். அதில் 0.99-ஐத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது, 0.49-ஐத் தேட வேண்டும். 2.32-க்கு 0.4898, 2.33-க்கு 0.4901, நமக்கு வேண்டியது நடுவில். கணினி பக்கத்தில் இருந்தால் விரிதாளில் நேரடியாகக் கேட்டுவிடலாம்:

```
=NORM.S.INV(0.99)
=NORM.S.INV(0.99)*7386*SQRT(10)
```

ஒருநாள் 99 சதவீத வார்: 2.326 × 7,386 = ₹17,180. மொத்த முதலீட்டில் 1.7 சதவீதம். நம்பும்படியான எண்தான்.

பங்குக்கு மட்டும் தனியாகப் போட்டால் ₹14,068, தங்கத்துக்கு மட்டும் ₹7,443. கூட்டினால் ₹21,511. ஆனால் சேர்த்து வைத்திருப்பதற்கான வார் ₹17,180-தான். இடையில் காணாமல்போன ₹4,331 பரவலாக முதலீடு செய்ததன் பலன். ‘டைவர்சிஃபிகேஷன் பலன் எவ்வளவு’ என்று தனியாகக் கேட்டால் இந்த வித்தியாசத்தைத்தான் எழுத வேண்டும்.

ஐந்தாவது: பத்து நாளுக்கு நீட்டுவது

அதே வர்க்கமூல விதி. √10 = 3.162.

17,180 × 3.162 = ₹54,328 (√10-ஐ முழுமையாக எடுத்தால்). இதுதான் கேள்விக்கான விடை.

99 சதவீதம், பத்து நாள் என்ற இந்த ஜோடி சும்மா வந்ததல்ல. வங்கிகளின் சந்தை ஆபத்துக்கு மூலதனம் ஒதுக்க 1996-இல் பாசல் குழு கொண்டுவந்த திருத்தத்தில் இருந்த அளவுகோல் இது. ஒருநாள் வாரைக் கணக்கிட்டு √10-ஆல் நீட்டிக்கொள்ளவும் அதில் அனுமதி இருந்தது. தேர்வுக் கேள்விகளில் இந்த எண்கள் திரும்பத் திரும்ப வருவதற்கு அது ஒரு காரணம். சந்தை ஆபத்துக்கான புதிய பாசல் விதிகள் வாரை விட்டுவிட்டு, வாலுக்குள் போனால் சராசரியாக எவ்வளவு நஷ்டம் என்று பார்க்கும் அளவைக்கு மாறிவிட்டன. கேள்வித்தாள்கள் இன்னும் பழைய ஜோடியை விடவில்லை.

சராசரி லாபம் எங்கே போனது?

கவனித்திருப்பீர்கள், இதுவரை சராசரி லாபத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. குறுகிய காலக் கணக்கில் அதைப் பூச்சியம் என்று கொள்வது வழக்கம். சோம்பேறித்தனத்தால் அல்ல, எண்ணைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும்.

இந்தப் போர்ட்ஃபோலியோ ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது ₹1,20,000 ஈட்டும் என்று வைத்துக்கொள்வோம். சராசரி காலத்தோடு நேராக வளரும், வர்க்கமூலமாக அல்ல. ஆகவே ஒரு நாளுக்கு 1,20,000 ÷ 252 = ₹476. வார் 17,180-க்குப் பதில் 16,704 ஆகும். பெரிய மாற்றமில்லை.

பத்து நாளுக்குச் சராசரி ₹4,762. வார் 54,328-இலிருந்து 49,566-ஆகக் குறையும். இது கொஞ்சம் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். ஒரு முழு ஆண்டுக்குப் போனால் திட்ட விலக்கம் 7,386 × 15.87, சுமார் ₹1,17,000, சராசரியோ ₹1,20,000. அங்கே சராசரியை விட்டுவிட்டால் கணக்கே தப்பு. நாள் குறையக் குறைய ஆட்டம் பெரிதாகவும் சராசரி தூசியாகவும் ஆகிவிடுகிறது. குறுகிய காலத்துக்கு மட்டும் இந்த முறை இவ்வளவு வசதியாக இருப்பது இதனால்தான்.

தேர்வில் சராசரியைக் கொடுத்திருந்தால் பயன்படுத்துங்கள். கொடுக்காவிட்டால் பூச்சியம் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். சராசரியைக் கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பம் வரும். நஷ்டத்தை நேர் எண்ணாகச் சொல்கிறோம், லாபம் நஷ்டத்தைக் குறைக்கும், ஆகவே கழித்தல்.

கேள்வி தலைகீழாக வந்தால்

‘நாளைக்கு ₹20,000-க்கு மேல் நஷ்டம் வர வாய்ப்பு எவ்வளவு?’ என்று கேட்பார்கள். திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும்: 20,000 ÷ 7,386 = 2.71. அதற்கு அப்பால் உள்ள வாலின் பரப்பு 0.0034.

```
=NORM.S.DIST(-2.71,TRUE)
```

அதாவது 0.34 சதவீதம், ஏறத்தாழ 295 வர்த்தக நாட்களுக்கு ஒருமுறை, ஓர் ஆண்டுக்குச் சற்று மேல். வாய்ப்பைச் சொல்வதோடு ‘எத்தனை நாளுக்கு ஒருமுறை’ என்றும் மாற்றிப் பார்த்தால் அந்த எண்ணுக்கு உயிர் வரும்.

எங்கே இது ஏமாற்றும்

2020 மார்ச் 23. கொரோனா ஊரடங்குப் பீதியில் நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் விழுந்தது. நம் போர்ட்ஃபோலியோவின் பங்குப் பகுதியில் மட்டும் அது ₹78,000 நஷ்டம். நாம் கணக்கிட்ட ஒருநாள் வார் 17,180. பத்து நாளுக்கான வாரையே ஒரு நாள் விழுங்கிவிட்டது. நாளுக்கு 1 சதவீதம் என்ற நம் திட்ட விலக்கத்தை வைத்துப் பார்த்தால் அது பதின்மூன்று விலக்கம் தள்ளி நடந்த சம்பவம். இயல்நிலைப் பரவலின்படி பிரபஞ்சத்தின் வயதுக்குள் ஒருமுறைகூட நடக்கக் கூடாதது.

இதில் இரண்டு பிழைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, உண்மையான சந்தையின் வால் இயல்நிலைப் பரவலின் வாலைவிடத் தடிமனானது. இன்னொன்று, அந்த மார்ச் மாதத்தில் நாள் விலக்கம் 1 சதவீதமாக இல்லவே இல்லை. அதற்கு முந்தைய வாரங்களிலேயே பல மடங்கு எகிறியிருந்தது. முதல் பிழைக்கு இந்த முறைக்குள் மருந்து கிடையாது. இரண்டாவதை ஓரளவு சரிசெய்யலாம்.

அதற்கு முன் பிழை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எண்ணிப் பார்ப்பதுதான் வழி. கடந்த 250 நாட்களை எடுத்து, ஒவ்வொரு நாளும் முந்தைய மாலை கணக்கிட்ட வாரை மறுநாள் நஷ்டம் தாண்டியதா என்று குறியுங்கள். 99 சதவீத வார் என்றால் 2 அல்லது 3 நாட்கள் தாண்டுவது இயல்பு. பாசல் விதியில் 4 வரை பச்சை, 5 முதல் 9 வரை மஞ்சள், 10-ஐத் தொட்டால் சிவப்பு. ஒரு தடவைகூடத் தாண்டாவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் வார் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கலாம், அந்த அளவுக்குப் பணம் சும்மா முடங்கியிருக்கும்.

எண்ணிக்கையோடு தேதிகளையும் பாருங்கள். மூன்று மீறலும் ஆண்டு முழுக்கச் சிதறிக் கிடந்தால் பரவாயில்லை. மூன்றும் ஒரே வாரத்தில் என்றால் உங்கள் திட்ட விலக்கம் அமைதியான காலத்திலிருந்து எடுத்தது, சந்தை மாறியது அதற்கு இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

இதற்கு 1994-இல் ஜே.பி. மார்கன் வெளியிட்ட ரிஸ்க்மெட்ரிக்ஸ் முறையில் ஓர் எளிய வழி இருக்கிறது. நேற்றைய பரவற்படிக்கு 0.94 எடை, இன்றைய ஆட்டத்தின் வர்க்கத்துக்கு 0.06 எடை. நேற்றுவரை நாள் விலக்கம் 1 சதவீதம், இன்றைக்குப் பங்கு 4 சதவீதம் விழுந்துவிட்டது என்றால்:

```
0.94 × 1² + 0.06 × 4² = 0.94 + 0.96 = 1.90
√1.90 = 1.38
```

ஒரே மாலையில் விலக்கம் 1-இலிருந்து 1.38-க்குப் போய்விட்டது. மேலே இரண்டாவது படியில் 1.008-க்குப் பதில் 1.38-ஐப் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள்: பங்குப் பகுதியின் ஒருநாள் வார் 14,068-இலிருந்து ₹19,260-ஐ ஒட்டிப் போகும். நாளைக்கும் 4 சதவீதம் விழுந்தால் 0.94 × 1.90 + 0.96 = 2.75, விலக்கம் 1.66. சந்தை அடங்கி, ஆட்டம் சிறுத்தால் இதே சூத்திரம் மெதுவாகக் கீழே இறக்கியும் விடும்.